பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு: புது மேலாளருக்கு என்ன எழுதினேன், ஏன் அப்படி எழுதினேன்

பதினாறு நாள் லீவு வேண்டும் என்று ஒரே வரியில் கேட்டால் தனியார் அலுவலகங்களில் கிடைப்பது கஷ்டம். நம் வீட்டுத் துக்கத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் நம்மைச் சரியாகத் தெரியாத ஒரு மேலாளருக்குப் "பதினாறு நாள்" என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு நாற்காலி காலியாக இருக்கப்போகிறது என்பதுதான் முதலில் தோன்றும், அதற்குப் பிறகு நாம் சொல்வது எதுவும் ஏறாது. என் பெரியப்பா தவறியபோது எங்கள் பிரிவுக்கு மேலாளர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரிடம் நான் கேட்ட முறையையும் எழுதிய வரிகளையும் இங்கே அப்படியே தருகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் உட்கார்ந்து வார்த்தை தேட யாருக்கும் மனசு இருக்காது.

பின்னணி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு விநியோக நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், வாரத்தில் ஆறு நாள் வேலை. ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை, என் அப்பா முன்பே போய்விட்டார், அதனால் கொள்ளி வைக்க வேண்டியவன் நான்தான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போன் வந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மேலாளருக்கு அனுப்பிய செய்தி இது:

"வணக்கம் மேடம். என் பெரியப்பா இன்று விடியற்காலை ஊரில் காலமாகிவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லாததால் மகன் செய்ய வேண்டிய சடங்குகளை நான்தான் செய்ய வேண்டும். ஊருக்குக் கிளம்பிவிட்டேன், இன்றும் நாளையும் வர இயலாது. அதற்குப் பிறகு உள்ள நாட்களைப் பற்றி வியாழக்கிழமை காலை 10 மணிக்கு நானே உங்களை அழைத்துப் பேசுகிறேன். 7ஆம் தேதி கட்ட வேண்டிய டிடிஎஸ் சலான் தயாராக இருக்கிறது, பக்கத்து மேசையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டேன்."

இதில் பதினாறு என்ற எண்ணே இல்லை என்பதைக் கவனியுங்கள். மறைக்க வேண்டும் என்று விடவில்லை, எனக்கே அப்போது தேதி தெரியாது. இறந்த நாளை ஒன்று என்று எண்ணினால் பதினாறாம் நாள் இரண்டு வாரமும் ஒரு நாளும் தள்ளி வரும், செவ்வாய் இறந்தால் புதன்கிழமை. நாள்காட்டி இல்லாமலே இப்படிச் சொல்லிவிடலாம். ஆனால் இது கணக்குதான், முடிவு வேறு. சில குடும்பங்களில் எடுத்த நாளிலிருந்து எண்ணுவார்கள். சிலர் செவ்வாய், சனியில் காரியம் வைக்க மாட்டார்கள், சிலர் சொந்தபந்தம் வந்துபோக வசதியாக ஞாயிற்றுக்கிழமைக்கு இழுப்பார்கள். எங்கள் வீட்டில் வந்த சிக்கல் மாதப் பிறப்பு. நவம்பர் 17 கார்த்திகை 1, பதினாறாம் நாளோ 19. "ஐப்பசியில் போன உயிருக்குக் கார்த்திகை பிறப்பதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும், 16 ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்ளலாம்" என்று பங்காளிகளில் ஒரு பக்கம் சொன்னது, இன்னொரு பக்கம் பதினாறு என்றால் பதினாறுதான் என்று நின்றது. புதன்கிழமை ராத்திரிதான் 19 என்று முடிவானது. இதெல்லாம் நடப்பதற்கு முன்பே 20ஆம் தேதி வரை லீவு என்று அனுப்பிவிட்டு, பிறகு 17 என்று மாற்றி, மறுபடி 20 என்று மாற்றினால் மேலாளருக்கு நம் பேச்சின் மேல் பிடிப்பு போய்விடும். அதனால் முதல் செய்தியில் உறுதியாகத் தெரிந்த நாட்களை மட்டும் சொல்லுங்கள், மீதியை எந்தக் கிழமை எத்தனை மணிக்குச் சொல்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் நாமே கூப்பிட்டுவிட்டால் அவர் நம்மைக் கூப்பிட வேண்டிய அவசியம் வராது, துக்க வீட்டில் இருப்பவனைப் போனில் அழைத்து லீவைப் பற்றிக் கேட்கிற சங்கடம் அவருக்கும் இருக்காது.

இன்னொன்று, "லீவு தர முடியுமா" என்று அந்தச் செய்தியில் நான் கேட்கவில்லை. அன்றும் மறுநாளும் அது கேள்வியே இல்லை, போய்த்தான் ஆக வேண்டும். கேட்கும் இடம் வியாழக்கிழமைப் பேச்சு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாவற்றுக்கும் ஒரே பணிவோடு கேட்டால் எது கட்டாயம், எது நம் வேண்டுகோள் என்று எதிரில் இருப்பவருக்குப் பிரித்துத் தெரியாது. உடல் எப்படிச் சரியில்லாமல் போனது, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் படுக்கை என்பதையும் எழுதவில்லை. புதிதாக வந்த ஒருவரிடம் அது தேவையில்லாத சுமை, பதிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் தடுமாறுவார். பெரியப்பாவின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அன்று மதியமே என் போனுக்கு வந்துவிட்டது, அதையும் அனுப்பவில்லை. அது உறவுக்காரர்களுக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் போக வேண்டியது.

செவ்வாய் மாலை எடுத்துவிட்டோம். மறுநாள் காலை பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் கரைத்துவிட்டு வந்தோம். வியாழக்கிழமை மேலாளரைக் கூப்பிடும் முன் நான் செய்த ஒரு வேலைதான் இந்த முழு விஷயத்திலும் எனக்குப் பெரிய உதவி. பெரியம்மாவின் தம்பியையும் எங்கள் பங்காளிகளில் மூத்தவரையும் உட்கார வைத்து, பதினாறு நாளில் நான் எந்தெந்த நாளில் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும் என்று நேராகக் கேட்டேன். முழுக்க இரு என்பார்கள் என்றுதான் நினைத்தேன். மூத்தவர் சொன்னது வேறு. "கொள்ளி வச்சவன் கோயிலுக்குப் போகக் கூடாது, நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது, கவுச்சி கூடாது. பொழப்புக்குப் போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. முதல் வாரம் இரு, ஜனம் வந்து விசாரிக்கும். அப்புறம் பத்திரிகை குடுக்க, சாமான் வாங்க ரெண்டு மூணு நாள் முன்னாடி வந்துரு." எட்டாம் நாளை எங்கள் வீட்டில் பெரிதாகச் செய்வதில்லை. செய்கிற வீடு என்றால் அதையும் கட்டாய நாளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் கணக்கில் அது 11ஆம் தேதி விழுந்திருக்கும், மாத விற்பனை விவரங்களைக் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாளும் அதுதான்.

எல்லா வீட்டிலும் இதே பதில் வராது. கொள்ளி வைத்தவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்படி இருந்தால் பதினாறு நாளையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்களிடம் கேட்காமல் நாமாக ஊகித்து அலுவலகத்தில் பேசக் கூடாது, இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொள்வோம்.

வியாழக்கிழமை 10 மணிக்குக் கூப்பிட்டேன். மேலாளர் முதலில் ஆறுதலாகப் பேசினார், பிறகு தயக்கத்தோடு கேட்டார், "பெரியப்பாதானே, அப்பா இல்லையே? அதுக்கும் பதினாறு நாளா? எங்க வீட்டுப் பக்கம் பதினொண்ணுல முடிச்சிருவோம்." இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்ததால் எனக்கு வருத்தம் வரவில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு வீட்டில் பத்து, ஒரு வீட்டில் பதின்மூன்று, ஒரு வீட்டில் பதினாறு, யாழ்ப்பாணத்துக்காரர்கள் வீட்டில் முப்பத்தொன்று என்று இருக்கும்போது, மேலாளரும் தமிழர் என்பதாலேயே நம் வீட்டு வழக்கம் அவருக்குப் புரிந்துவிடும் என்று நினைக்க முடியாது. அவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த விளக்கத்தில் சடங்கின் பெருமையை நான் பேசவில்லை, சாஸ்திரம் இப்படிச் சொல்கிறது என்றும் போகவில்லை. "மேடம், அவருக்கு மகன் ஸ்தானத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான். பதினாறாம் நாள் நான் இல்லாமல் காரியம் நடக்காது. ஆனால் நடுவில் சில நாள் என்னால் வேலைக்கு வர முடியும், அதைத்தான் உங்களிடம் பேசலாம் என்று கூப்பிட்டேன்" என்றேன். மறுபக்கம் குரல் இறுக்கம் தளர்ந்தது அங்கேதான். தன் வேலையைப் பற்றியும் இவன் யோசித்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது.

உறவைச் சொல்லும்போது முறையோடு பொறுப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. பெரியப்பா, சித்தி, அத்தை, தாய்மாமன் என்று மட்டும் சொன்னால் எல்லாம் தூரத்து உறவாகவே விழும், நிறுவனத்தின் விதிப் புத்தகத்திலும் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் என்று மூன்று வகைதான் இருக்கும். "என்னை வளர்த்த சித்தி", "கொள்ளி நான் வைத்தேன்", "தாய்மாமன் சீர் நான் செய்ய வேண்டும்" என்று ஒரே ஒரு வரி போதும். என் அப்பா போன பிறகு கல்லூரிக் கட்டணம் கட்டியவர் பெரியப்பா. அதை நான் சொல்லவில்லை. அது உண்மைதான், ஆனால் அது எனக்கும் அவருக்கும் உள்ளது, லீவுக்காக எடுத்து வைக்க மனம் வரவில்லை. பொறுப்பைச் சொன்னதே போதுமானதாக இருந்தது.

பேச்சில் நான் வைத்த திட்டம்: 4 முதல் 8 வரை லீவு. 9 ஞாயிறு. 10 திங்கள் முதல் 13 வியாழன் வரை அலுவலகம் வருகிறேன், ஜிஎஸ்டிஆர்-1 என் கையாலேயே போய்விடும். 14 முதல் 20 வரை மறுபடி லீவு, 21 வெள்ளிக்கிழமை வேலையில் இருப்பேன். மேலாளர் யோசித்துவிட்டு, "14ஆம் தேதிதானே 2பி வரும், அன்னைக்கு ஒரு நாள் மட்டும் இருந்துட்டுப் போங்களேன்" என்றார். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஜிஎஸ்டிஆர்-2பி ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி உருவாகும், சப்ளையர்கள் ஏற்றிய பில்களை நம் கொள்முதலோடு ஒத்துப் பார்த்து முடித்துவிட்டால்தான் 20ஆம் தேதி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி தாக்கலை வேறொருவர் செய்ய முடியும். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 14 இரவு பஸ்ஸைப் பிடித்தாலும் 15 காலை ஊரில் இருக்கலாம். சரி என்றேன். ஒரு நாள் விட்டுக்கொடுத்ததில் 20ஆம் தேதியைப் பற்றி அவர் மறுபேச்சுப் பேசவில்லை. காரியம் முடிந்த மறுநாளும் லீவு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கணக்கு முடிக்க வேண்டும், பாத்திரம் திருப்பிக் கொடுக்க வேண்டும், வீட்டைக் கழுவிவிட வேண்டும், அதோடு கூட்டம் கலைந்த பிறகு பெரியம்மாவுடன் இருக்கும் முதல் நாள் அது. அந்த ஒரு நாளை மட்டும் நான் விட்டிருக்க மாட்டேன்.

பேசி முடித்த பிறகுதான் எழுத்தில் அனுப்பினேன். அன்று மதியமே அனுப்பிவிட்டேன், பேச்சு ஆறிப்போவதற்குள் எழுத்து போய்விட வேண்டும்.

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

என் பெரியப்பா நவம்பர் 4 அன்று காலமானார். அவருக்கு மகன் முறையில் இறுதிச் சடங்கைச் செய்தவன் நான். பதினாறாம் நாள் காரியம் நவம்பர் 19, புதன்கிழமை எங்கள் ஊரில் நடக்கிறது. இன்று காலை நாம் பேசியபடி கீழ்க்கண்ட நாட்களுக்கு விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 4 முதல் 8 வரை, மற்றும் நவம்பர் 15 முதல் 20 வரை. நவம்பர் 10 முதல் 14 வரை அலுவலகத்தில் இருப்பேன். நவம்பர் 21 காலை பணிக்குத் திரும்புவேன்.

ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலை 10ஆம் தேதியும், 2பி ஒத்துப்பார்க்கும் வேலையை 14ஆம் தேதியும் முடித்துவிடுகிறேன். 3பி தாக்கலுக்கான தாளைத் தயாரித்து உங்களிடம் காட்டிவிட்டே கிளம்புவேன். நான் ஊரில் இருக்கும் நாட்களில் மதியம் 2 மணி முதல் 3 மணி வரை போனில் பேச முடியும். 18, 19 ஆகிய இரு நாட்களிலும் போன் எடுக்க இயலாது.

என் விடுப்பு இருப்பில் குறையும் நாட்கள் இருந்தால் அவற்றை எப்படிக் கணக்கிடுவது என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன்.

இந்தச் சமயத்தில் நீங்கள் பொறுமையாகக் கேட்டுப் பேசியதற்கு நன்றி."

தேதியை இரண்டு துண்டாகப் பிரித்துப் போட்டதும் நடுவில் வரும் நாட்களையும் தனியாக எழுதியதும் வேண்டுமென்றே செய்தது. மேலாளர் இதைத் தன் மேலதிகாரிக்கோ மனிதவளப் பிரிவுக்கோ அப்படியே அனுப்புவார், அங்கே இருப்பவர் என்னைப் பார்த்திருக்கக்கூட மாட்டார், நீங்கள் எழுதியது தனியாக நின்று புரிய வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று எழுதவில்லை. துக்க வீட்டில் காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவர் எதிரில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போவது நன்றாக இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் வீடு அடங்கும், அந்த நேரத்தைத்தான் கொடுத்தேன். உண்மையாகவே எடுக்க முடிந்த ஒரு மணி நேரத்தைச் சொல்வது, நாள் முழுக்க இருப்பேன் என்று சொல்லிவிட்டு எடுக்காமல் விடுவதைவிட எவ்வளவோ மேல். 18 ராத்திரி படையல், 19 விடியும் முன் ஆற்றங்கரை, பிறகு மாமன்மார் வேட்டி துண்டு வைத்து உருமால் கட்டுவது, அப்புறம் சாப்பாடு, அந்த இரண்டு நாளும் போன் என் சட்டைப் பையிலேயே இருக்காது, சட்டையே இருக்காது. அதனால் அந்தத் தேதிகளைப் பெயர் சொல்லி எழுதிவிட்டேன்.

"சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை" என்று பலர் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். உங்கள் கணக்கில் எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். தனியார் நிறுவனங்களில் துக்க விடுப்பு கட்டாயம் என்று சட்டம் எதுவும் இல்லை, கொடுக்கிற இடங்களில் அது நிறுவனமாகப் பார்த்துக் கொடுப்பது. ஆனால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் கீழ் வரும் இடங்களில் ஆண்டுக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பு உண்டு, ஓராண்டு பணி முடித்தவர்களுக்கு அதற்கு மேல் 12 நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் உண்டு. இவை போக மிஞ்சும் நாளுக்குத்தான் சம்பளப் பிடித்தம் என்ற பேச்சே வர வேண்டும். எனக்குத் துக்க விடுப்பாக மூன்று நாள் கிடைக்குமா என்று மேலாளர் தானாகவே கேட்டுப் பார்த்தார், பெரியப்பா அந்தப் பட்டியலில் இல்லை என்று மனிதவளப் பிரிவு சொல்லிவிட்டது. நான் வாதாடவில்லை. தற்செயல் விடுப்பிலும் மீதியைச் சம்பள விடுப்பிலும் கழித்துக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். இரண்டு லீவு நாளுக்கு நடுவில் மாட்டும் ஞாயிற்றுக்கிழமையையும் லீவாகவே எண்ணும் விதி பல நிறுவனங்களில் இருக்கிறது. என் தேதிகளில் 9 ஞாயிறு தப்பித்தது, ஏனென்றால் மறுநாள் 10 வேலையில் இருந்தேன். 16 ஞாயிறு மாட்டியது, 15, 17 இரண்டும் லீவு. சம்பளச் சீட்டு வந்த பிறகு ஒரு நாள் அதிகமாகக் கழித்திருக்கிறார்களே என்று அலைவதற்குப் பதிலாக, கடிதம் அனுப்பும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

ஆதாரம் கேட்டால் என்ன கொடுப்பது என்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இறப்புச் சான்றிதழ்தான் சரியான ஆவணம். இறந்த 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் கட்டணம் கிடையாது, தாமதமானால் கட்டணமும் கூடுதல் அனுமதியும் என்று வேலை நீளும். கிராமத்தில் வீட்டிலேயே இறந்திருந்தால் விஏஓவிடம் பதிவு செய்ய வேண்டும், நான் வெள்ளிக்கிழமை போய் விவரம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் சான்றிதழ் கைக்கு வர நாளாகலாம், அதுவரை மனிதவளப் பிரிவு காத்திருக்காது. அந்த இடைவெளிக்குக் கருமாதிப் பத்திரிகை மிக நல்ல ஆவணம். அதில் இறந்தவர் பெயர், இறந்த தேதி, காரியத் தேதி, ஊர் எல்லாம் இருக்கும், இப்படிக்கு என்ற இடத்தில் நம் பெயரும் உறவும் அச்சில் இருக்கும், பெரியப்பாவுக்குத் தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான காகிதம் கிடையாது. அச்சகத்தில் கொடுக்கும்போதே பெயர்கள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பங்காளிகள் பெயரெல்லாம் வரிசையாகப் போட்டு நம் பெயரை நடுவில் எங்கோ வைத்துவிடுவார்கள்.

அதை எப்படிக் கொடுப்பது என்பதுதான் முக்கியம். பலர் அந்தப் பத்திரிகையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள், படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். புதிய மேலாளருக்கு இதில் எப்படி மனசு என்று நமக்குத் தெரியாது. அவர் மேசையில் கொண்டுபோய் வைக்காதீர்கள், அவர் வாட்ஸப்பிலும் போடாதீர்கள். "விடுப்புக்கு ஆதாரம் தேவைப்பட்டால் காரியப் பத்திரிகையின் படம் இருக்கிறது, சான்றிதழ் வந்ததும் அதையும் தருகிறேன், யாருக்கு அனுப்பட்டும்?" என்று கேட்டேன். மனிதவளப் பிரிவுக்கு மட்டும் அனுப்பினால் போதும் என்றார். காரியத்துக்கு அழைக்கிற மாதிரியும் ஆகிவிடாமல் விஷயமும் முடிந்தது. நெருங்கிப் பழகிய இரண்டு மூன்று சகபணியாளர்களுக்குத் தனியாகச் சொன்னேன், அது வேறு.

நடுவில் அலுவலகம் வந்த அந்த ஐந்து நாளுக்கும் ஒரு வார்த்தை எழுத வேண்டியிருந்தது. மொட்டைத் தலையும் சவரம் செய்யாத முகமுமாகப் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலை சாமி படத்துக்குப் பூஜை போட்டுக் கற்பூரம் காட்டுவார்கள், 14 வெள்ளிக்கிழமை. ஞாயிறு இரவு மேலாளருக்கு அனுப்பியது: "மேடம், நாளை வருகிறேன். காரியம் முடியும் வரை நான் பூஜைக்கு நிற்கக் கூடாது, மாலை அந்த நேரத்தில் மேசையிலேயே இருந்துகொள்கிறேன். குழுவில் உள்ளவர்களிடம் நீங்களே ஒரு வரி சொல்லிவிட்டால் எனக்கு உதவியாக இருக்கும்." அவர் சொல்லியிருந்தார். காலையில் உள்ளே போனபோது யாரும் ஓடிவந்து விசாரிக்கவில்லை, ஒருவர் மட்டும் வந்து தோளில் கை வைத்துவிட்டுப் போனார், அது எனக்குப் போதும்.

பெண்களுக்கு இதே விஷயம் வேறு மாதிரி வருகிறது, இதை எழுதாமல் விட முடியாது. எங்கள் பிரிவிலேயே ஒரு அக்காவுக்கு அம்மா தவறியபோது, "நீங்க கல்யாணமாகி வேற வீட்டுக்குப் போனவங்க, உங்களுக்குத் தீட்டு மூணு நாள்தானே" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். தீட்டுக் கணக்கு வேறு, வீட்டில் இருக்க வேண்டிய கணக்கு வேறு. அம்மா போன வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளவும், வருகிறவர்களுக்குச் சமைக்கவும், காரியத்துக்கு ஏற்பாடு செய்யவும் பெண் பிள்ளைகளைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். மாமனாரோ மாமியாரோ போனால் மருமகள் பதினாறு நாளும் அசைய முடியாது, ஆனால் நிறுவனத்தின் பட்டியலில் மாமனார் மாமியார் பல இடங்களில் இருக்கவே மாட்டார்கள். இந்த நிலையில் இருப்பவர்கள் சடங்கைக் காரணமாகச் சொன்னால் சடங்கின் கணக்கை வைத்தே மறுத்துவிடுவார்கள். அந்த அக்கா எழுதிய வரி எனக்கு இன்னும் பிடிக்கும்: "அம்மாவின் காரியம் முடியும் வரை அப்பா தனியாக இருக்கிறார். அவருடன் இருக்க எனக்கு இத்தனை நாள் வேண்டும்." இதற்கு யாராலும் தீட்டுக் கணக்குச் சொல்ல முடியவில்லை.

21 காலை வேலைக்கு வந்ததும் மேலாளரிடம் நேரில் போய் நன்றி சொன்னேன், 3பி தாக்கல் செய்தவருக்கும் சொன்னேன். அன்றைக்கே இன்னொன்றையும் சொல்லி வைத்தேன். தலைத் திவசம் அடுத்த ஐப்பசியில் வரும், திதி பார்த்துத்தான் நாள் வரும் என்பதால் நவம்பர் 4 ஆக இருக்காது, முன்னே பின்னே தள்ளும். பஞ்சாங்கம் பார்த்துத் தேதி தெரிந்ததும் ஒரு மாதம் முன்பே எழுதித் தருகிறேன், ஒரு நாள் லீவு போதும் என்றேன். மேலாளர் தன் நாட்குறிப்பில் ஐப்பசி என்றே எழுதிக்கொண்டு, 20ஆம் தேதிக்கு முந்தின நாளில் வந்தால் மட்டும் கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லச் சொன்னார்.